ஹவுஸ் ஓனரிடம் வாடகை ரசீது கேட்பது எப்படி?

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும். வரிச் சலுகைக்கான ஆதாரங்களைக் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவேற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் என்று அதில் இருக்கும். பி.எஃப். விவரம் அலுவலகத்திடமே இருக்கிறது. இன்சூரன்ஸ் ரசீதை ஆன்லைனில் எடுத்துவிடலாம். வாடகை ரசீது மட்டும்தான் இன்னொரு மனிதரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்.

கெடு நெருங்கியபின் பலர் ஓனருக்கு போன் போட்டு, "சார், ஆபீஸ்ல ரசீது கேக்கறாங்க, உங்க பான் நம்பரும் வேணும்" என்கிறார்கள். பான் என்றதும் அவருக்கு வருமான வரி நோட்டீஸ்தான் நினைவுக்கு வரும். எத்தனை ரசீது, யாருக்கு, எதற்கு என்று எதுவும் தெரியாத நிலையில், "பார்க்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறார். அவர் தயங்குவதில் தவறில்லை. அரை நிமிட போன் பேச்சில் புரியவைக்கக் கூடிய விஷயம் இல்லை இது. ஒரு பக்கக் கடிதம், அதனுடன் நாமே தயாரித்த வாடகைக் கணக்கு, நிரப்பி வைத்த ரசீதுகள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் ஓனருக்குச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை மட்டுமே மிஞ்சும்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு, அதாவது எச்.ஆர்.ஏ.வுக்கு, வரிவிலக்கு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் இல்லை. 2025–26 நிதியாண்டில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு, நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து, ஆண்டுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் சம்பளம் வரை வரியே வராது. இந்த வரம்புக்குள் இருப்பவர் வரிக்காக ரசீது தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடன் வட்டி, பி.எஃப்., காப்பீடு என்று வேறு கழிவுகளும் வைத்திருப்பவருக்குத்தான் வாடகைக் கணக்கு பலன் தரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருச்சிக்காரர் ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார், வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 70,000, எச்.ஆர்.ஏ. மாதம் 35,000. வீட்டு வாடகை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 30,000, அக்டோபரிலிருந்து 32,000. ஆக, ஆண்டு வாடகை 3,72,000 ரூபாய்.

சட்டம் மூன்று தொகைகளைப் பார்க்கச் சொல்கிறது. முதலாவது, கையில் வந்த எச்.ஆர்.ஏ.: 4,20,000. இரண்டாவது, அடிப்படைச் சம்பளத்தில் பாதி: இதுவும் 4,20,000. (பாதி என்பது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களுக்கு, 2025–26 நிதியாண்டில் மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம்.) மூன்றாவது, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் வருவது: 3,72,000இல் 84,000 போக 2,88,000. மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. இவருக்கு அது 2,88,000 ரூபாய். ஓய்வூதியக் கணக்கில் சேரும் அகவிலைப்படி உள்ளவர்கள் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவருக்குத் திருச்சியில் கடன் வாங்கிக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. பெற்றோர் அதில் வசிக்கிறார்கள். அந்தக் கடனின் வட்டி 2 லட்சம், பி.எஃப். முதலான சேமிப்பு ஒன்றரை லட்சம், என்.பி.எஸ். 50,000, மருத்துவக் காப்பீடு 25,000, நிலைக்கழிவு 50,000. இவற்றோடு வாடகை விலக்கையும் சேர்த்தால் பழைய முறையில் வரி 1,28,544 ரூபாய். புதிய முறையில் போனால் 1,50,800. வாடகைக்கு ஆதாரம் இருப்பதால் மிச்சமாவது 22,256 ரூபாய். அந்த ஆதாரம் இல்லையென்றால் பழைய முறையே அவருக்கு நஷ்டம். புதிய முறைக்குத்தான் போக வேண்டும். வாடகை விலக்கின் நிஜமான பலன் எவ்வளவு என்பதை இப்படி இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ரசீது மட்டும் போதுமா?

சம்பளக்காரர் அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்துக்கு 12பிபி என்று பெயர். அதில் வாடகைத் தொகை, வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றை எழுத வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணும் வேண்டும். மாதம் 8,333 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் எல்லோரும் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். சென்னையில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கும் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பான் இல்லாமல் நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகம் ரசீதைப் பார்த்து ஏற்றுக்கொண்டாலும் வருமான வரித் துறை பின்னாளில் கேள்வி கேட்கலாம். அப்போது ரசீது மட்டும் இருந்தால் போதாது. தாய்க்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாகச் சொன்ன ஒருவரின் கோரிக்கையை 2017இல் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. ரசீதுகள் இருந்தன. ஆனால் வங்கி வழியாகப் பணம் போனதற்கோ, ஒப்பந்தம் போட்டு அந்த வீட்டில் குடியிருந்ததற்கோ வேறு சான்று இல்லை. ரசீதும் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இந்த மூன்றையும் பொருத்திக் காட்டும் தாள்தான் வாடகைக் கணக்குச் சுருக்கம். அதனால்தான் ரசீதோடு அதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கை நீங்களே எழுதுங்கள்

ஓனரிடம் போவதற்கு முன்னால் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் வாரியாக எழுதுங்கள்: எந்த மாத வாடகை, எவ்வளவு, எந்தத் தேதியில் எந்த வழியில் போனது, பரிவர்த்தனை எண் என்ன. எழுதத் தொடங்கியதும் சிக்கல்கள் தாமாகவே வெளியே வரும்.

நம் வேளச்சேரிக்காரரின் கணக்கில் அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஜூனில் குழாய் உடைந்தது. பிளம்பருக்கு இவர் 2,500 ரூபாய் கொடுத்தார். ஓனர் சொன்னபடி அதை வாடகையில் கழித்துக்கொண்டு 27,500 மட்டும் அனுப்பினார். ஆகஸ்டில் 20,000 ஒரு நாள், 10,000 இன்னொரு நாள் என்று இரண்டு தவணையாகப் போட்டார். ரசீதில் இரண்டு மாதங்களுக்கும் 30,000 என்று மட்டும் எழுதினால் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாது. ஜூன் ரசீதில், "வாடகை 30,000, இதில் 27,500 வங்கி மூலம் பெறப்பட்டது, வீட்டுப் பராமரிப்புக்காக வாடகைதாரர் என் சார்பில் செலவிட்ட 2,500 சரிக்கட்டப்பட்டது" என்று எழுத வேண்டும். பிளம்பரின் பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆகஸ்ட் ரசீதில் இரண்டு தேதிகளையும் போட்டுவிட வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கட்டும் மெயின்டனன்ஸ், மின் கட்டணம், தண்ணீர் லாரிக் காசு ஆகியவற்றை வாடகையோடு சேர்க்கக் கூடாது. அட்வான்ஸும் வாடகை ஆகாது. ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அந்த மாதங்களில் வங்கியில் பணம் நகர்ந்த தடயமே இருக்காது. அப்போது, "அட்வான்ஸில் கழிக்கப்பட்டது" என்று ஓனர் எழுதித் தருவதுதான் முக்கியமான சான்று.

கடிதம்

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடிதம் எழுதுவது சுலபம். நம் வாடகைதாரர் ஜனவரி முதல் வாரத்தில் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். வேளச்சேரியில் உள்ள தங்கள் வீட்டில் நான் வாடகைக்கு இருந்து வருகிறேன். என் சம்பளத்துக்கான வருமான வரிக் கணக்கில் வீட்டு வாடகையைக் காட்டுவதற்காக, 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான வாடகை ரசீதுகளையும் அந்த மாதங்களுக்கான கணக்குச் சுருக்கத்தையும் என் அலுவலகம் கேட்டிருக்கிறது. இம்மாதம் 20ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

தங்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்க, வங்கிக் கணக்கைப் பார்த்து இரண்டையும் நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ரூ.30,000 வீதம் ரூ.1,80,000; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் ரூ.32,000 வீதம் ரூ.96,000, ஒன்பது மாதத்துக்கு மொத்தம் ரூ.2,76,000. ஜூனில் குழாய் வேலைக்காகக் கழித்த ரூ.2,500, ஆகஸ்டில் இரண்டு தவணையாகச் செலுத்தியது ஆகியவற்றைக் குறிப்பிட்டிருக்கிறேன். மெயின்டனன்ஸ் தொகை இதில் சேரவில்லை.

தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதால், விதிப்படி தங்கள் பான் எண்ணையும் அலுவலகத்தில் குறிப்பிட வேண்டும். அதை இந்தத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்துவேன். ஆதார் எண்ணோ வேறு ஆவணமோ தேவையில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான ரசீதுகளை மார்ச் வாடகை செலுத்தியபின் பெற்றுக்கொள்கிறேன்.

தங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், கையெழுத்து, வீட்டு எண், தொலைபேசி எண்)

இந்தக் கடிதத்தில் எதற்காக, எந்தக் காலத்துக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பான் ஏன் ஆகிய ஐந்துக்கும் பதில் இருக்கிறது. "சரியாக இருந்தால் கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் திருத்துகிறேன்" என்ற வரியை விட்டுவிடக் கூடாது. நாம் நிரப்பிக் கொடுத்த தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை என்பதை ஓனருக்கு உணர்த்துவது அந்த வரிதான்.

ஒவ்வொரு ரசீதிலும் வீட்டின் முழு முகவரி, எந்த மாத வாடகை என்பது, பெற்ற தேதி, தொகை எண்ணாலும் எழுத்தாலும், இருவர் பெயர், ஓனரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாடகை கொடுத்திருந்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். தமிழில் எழுதிய ரசீது செல்லும். ஆனால் பல நிறுவனங்களின் சம்பளப் பிரிவு வேறு மாநிலத்தில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமுமாக ஒரே தாளில் தயாரித்தால் திரும்பி வராது.

ஓனரின் பயம்

பான் கேட்டதும் ஓனர் தயங்குவது, வாடகை வருமானம் வரித் துறைக்குத் தெரிந்துவிடுமே என்பதால்தான். தெரியத்தான் செய்யும். ஆண்டின் கடைசிக் காலாண்டில் நிறுவனங்கள் துறைக்கு அனுப்பும் கணக்கில், விலக்குக் கேட்ட ஊழியரின் வீட்டு உரிமையாளர் பெயரும் பானும் போகின்றன. இதை அவரிடம் மறைப்பது முறையல்ல. ஆனால் தெரிந்துவிட்டாலே வரி கட்ட வேண்டும் என்று அவர் நினைப்பது பெரும்பாலும் தவறான கணக்கு.

நம் ஓனர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆண்டு ஓய்வூதியம் 4,80,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை வருமானம் 3,72,000. அதில் அவர் கட்டிய சொத்து வரி 12,000 போனால் 3,60,000. இந்தத் தொகையில் 30 சதவீதத்தை வீட்டுப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொடுக்கிறது. பில் காட்ட வேண்டியதில்லை. மீதி 2,52,000. ஓய்வூதியத்தில் நிலைக்கழிவு 75,000 போக 4,05,000. இரண்டும் சேர்ந்து 6,57,000. புதிய முறையில் 2025–26க்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி ஒரு ரூபாய்கூட இல்லை. வருமான வரிக் கணக்கு மட்டும் தாக்கல் செய்துவிட வேண்டும். இந்த நான்கு வரிக் கணக்கை எழுதிக் காட்டினால் பல ஓனர்களின் தயக்கம் தீர்ந்துவிடும். பான் கார்டின் நகலை அலுவலகம் கேட்டால், "வாடகைச் சான்றுக்காக மட்டும்" என்று நகலின் குறுக்கே எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எங்கே தடுக்கும்?

அடிக்கடி நடக்கும் கோளாறு பெயர்க் குழப்பம். ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கும். வாடகை மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகும். பான் எண் மகனுடையதாக இருக்கும். அலுவலகத்தில் ரசீது திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பானும் கையெழுத்தும்தான் வேண்டும். பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால், "என் சொற்படி என் மனைவியின் கணக்கில் பெறப்பட்டது" என்று ரசீதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓனரிடம் பான் இல்லையென்றால், இல்லை என்று பெயர், முகவரியோடு அவர் கையெழுத்திட்ட உறுதிமொழியை அலுவலகம் ஏற்கலாம். பான் இருந்தும் தர மறுப்பது வேறு விஷயம். அப்போது அலுவலகம் விலக்குத் தராமல் வரியைப் பிடித்துவிடும். ஆனால் உரிமை அதோடு போய்விடாது. ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், வாடகைக் கணக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யும்போது நேரடியாக விலக்குக் கேட்டு, பிடித்த வரியைத் திரும்பப் பெற முயலலாம். கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. எக்காரணம் கொண்டும் வேறு யாருடைய பானையோ போட்டு ரசீது தயாரித்துவிடாதீர்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வாடகைதாரரே 2 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஓனர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. வாடகை குறைவாக இருந்தாலும் அதிக விகிதத்தில் வரி பிடிக்க வேண்டிய கடமை வாடகைதாரருக்கு வந்துவிடும். இந்த இரண்டு நிலையிலும் கடிதம் எழுதுவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பிரிவு எண்களும் படிவங்களும் மாறுவதால், அதன்பின் வரும் ஆண்டுகளுக்கு அலுவலகம் தரும் படிவத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

வாடகை கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது பெறுவது சலுகை அல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் அதை வாடகைதாரரின் உரிமையாகவே தருகிறது. அந்த உரிமையைச் சண்டையாக ஆக்காமல் மரியாதையான ஒரு கடிதத்தில் கேளுங்கள். கடைசி நேரம் வரை காத்திருக்காமல் டிசம்பரிலேயே கேளுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து மாதாமாதம் வாடகை அனுப்பியவுடன் ரசீதை வாங்கி வைத்துவிட்டால், ஜனவரியில் இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய தேவையே இருக்காது.